உயரம் இருந்தும் சொட்டுகிற குழாய்: சீசியம்-137 வழியாகத் தடைபட்ட பீட்டாச் சிதைவு

எம்.எஸ்சி. இயற்பியல் ஆய்வகத்தில் காமா நிறமாலை எடுத்தவர்களுக்கு 662 என்ற எண் மறக்காது. சீசியம்-137 மூலத்தைக் கண்டறிவானின் முன் வைத்தால், 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஓர் உச்சி எழும்பி நிற்கும். "சீசியத்தின் காமா" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது பேரியத்தின் காமா. சீசியம் பீட்டாச் சிதைவில் பேரியம்-137 ஆகிறது. அந்தப் பேரியம் கிளர்ந்த நிலையில் பிறந்து, பிறகு தணியும்போது விடுவதுதான் அந்த 662.

கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. பேரியம் ஏன் கிளர்ந்த நிலையில் பிறக்க வேண்டும்? சீசியத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. நேராகப் பேரியத்தின் அடிநிலைக்கு இறங்கினால் 1176 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கிடைக்கும். 662 உயரத்தில் உள்ள கிளர்நிலையில் இறங்கினால் 514 மட்டுமே கிடைக்கும். பீட்டாச் சிதைவில் ஆற்றல் கூடினால் வேகமும் கூடும். அப்படியானால் அடிநிலைதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் நூறில் 94 சிதைவுகள் கிளர்நிலைக்கே போகின்றன. அடிநிலைக்கு நேராகப் போவது ஆறுக்கும் குறைவு.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "அடிநிலைக்குப் போவது தடைபட்ட மாற்றம்" என்பது. அரைகுறைப் பதில் இது. 94 விழுக்காடு போகும் வழியும் தடைபட்டதுதான். இரண்டு தடைகளுக்கும் இடையே என்ன வித்தியாசம் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

## வெறும் அரை ஆயுளை நம்பாதீர்கள்

"அரை ஆயுள் நீளம், அதனால் தடைபட்டது" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ருபீடியம்-88க்கு வெறும் 18 நிமிடம். இதில் தடைபட்டது எது? ருபீடியம். அதன் சிதைவுகளில் முக்கால் பங்கு தடைபட்ட வழியில் போகிறது. டிரிட்டியமோ இயற்கையில் மிகத் தாராளமாக நடக்கும் பீட்டாச் சிதைவுகளில் ஒன்று.

மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே குழாய், குழாயடியில் ஒரு குடம் என்று வையுங்கள். குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. இன்னொன்று, குழாய்க்குள் எவ்வளவு அடைப்பு. குடம் மெதுவாக நிறைகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அடைப்பு என்று முடிவு கட்ட முடியாது. தொட்டி தாழ்வாக இருக்கலாம். உயரத்தின் பங்கைக் கணக்கிட்டு நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அடைப்பைப் பற்றிய செய்தி.

பீட்டாச் சிதைவில் தொட்டியின் உயரம் என்பது கிடைக்கும் ஆற்றல். அடைப்பு என்பது அணுக்கருவின் உள்ளமைப்பு. டிரிட்டியத்தின் தொட்டி தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, கிடைப்பது 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான். குழாய் சுத்தமாக இருந்தும் 12 ஆண்டு பிடிக்கிறது. ருபீடியம்-88க்கு 5300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உயரம். அடைத்த குழாயிலும் நிமிடங்களில் கொட்டிவிடுகிறது.

## உயரத்தை நீக்கும் வித்தை: ft

ஆற்றலின் பங்கை நீக்க ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அதன் குறி f. சிதைவில் வெளிவரும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் கிடைத்த ஆற்றலை எத்தனை விதமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதை அது அளக்கிறது. வெளியேறும் எலக்ட்ரானை அணுக்கருவின் நேர்மின்னூட்டம் பிடித்து இழுப்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆற்றல் ஏற ஏற f தடதடவென்று ஏறும். உயர் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்காக.

t என்பது அரை ஆயுள், நொடிகளில். இரண்டையும் பெருக்கினால் வருவது ft. இதுதான் ஒப்பீட்டு அரை ஆயுள். ஆற்றல் கூடினால் t குறையும், f அதே அளவு கூடும். பெருக்கலில் இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது அடைப்பு மட்டுமே. ft பெரிதாக இருந்தால் அணுக்கரு அந்த மாற்றத்துக்கு எளிதில் இணங்கவில்லை என்று அர்த்தம். இந்த எண்கள் ஆயிரத்திலிருந்து பத்தின் இருபத்திரண்டாம் அடுக்குக்கும் மேல் வரை பரவிக் கிடப்பதால், மடக்கை எடுத்து log ft என்றே எழுதுவார்கள்.

சீசியத்தின் இரண்டு வழிகளுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். சீசியம்-137ன் அரை ஆயுள் 30.1 ஆண்டு. அது இரண்டு குழாயும் சேர்ந்து ஓடும்போது கிடைத்த காலம். ஒவ்வொரு குழாய்க்கும் தனிக் காலம் வேண்டுமென்றால், மொத்த அரை ஆயுளை அந்தக் கிளையின் பங்கால் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் பலர் தவறவிடும் படி இது.

கிளர்நிலைக் கிளை: 30.1 ÷ 0.944 = சுமார் 32 ஆண்டு, அதாவது 1.0 × 10⁹ நொடி. 514 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு f ஏறத்தாழ 4. பெருக்கினால் 4 × 10⁹; log ft = 9.6.

அடிநிலைக் கிளை: 30.1 ÷ 0.056 = சுமார் 540 ஆண்டு, அதாவது 1.7 × 10¹⁰ நொடி. 1176க்கு f ஏறத்தாழ 70. பெருக்கினால் 1.2 × 10¹²; log ft = 12.1.

ஆற்றலை மட்டும் பார்த்தால் அடிநிலைக் கிளை 17 மடங்கு வேகமாக இருந்திருக்க வேண்டும். நடப்பதோ நேர் எதிர்; 17 மடங்கு மெதுவாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், அந்தக் குழாயின் அடைப்பு மற்றதைவிட ஏறத்தாழ 300 மடங்கு. இந்த 300 எங்கிருந்து வந்தது?

சுருக்கமாக: t ஆற்றலையும் உள்ளமைப்பையும் கலந்து சொல்கிறது, ft உள்ளமைப்பை மட்டும் சொல்கிறது.

## ஸ்பின், பாரிட்டி

அணுக்கருவின் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று ஸ்பின்: அணுக்கருவின் மொத்தக் கோண உந்தம். குறி J. 0, 1/2, 1, 3/2 என்று அரை அரையாக ஏறும். மற்றொன்று பாரிட்டி. எல்லாத் திசைகளையும் ஒரேயடியாக எதிர்ப்புறம் திருப்பினால் (மேல் கீழாக, இடம் வலமாக, முன் பின்னாக) அந்த நிலையின் அலைச்சார்பு அப்படியே இருந்தால் பாரிட்டி +, குறி மாறினால் −.

இரண்டையும் சேர்த்து 7/2⁺ என்று எழுதுவார்கள். சீசியம்-137ன் அடிநிலை 7/2⁺. பேரியம்-137ன் அடிநிலை 3/2⁺. 662 உயரத்துக் கிளர்நிலை 11/2⁻.

இப்போது கழித்துப் பாருங்கள். 7/2லிருந்து 3/2க்குப் போனால் ஸ்பின் மாற்றம் 2. 7/2லிருந்து 11/2க்குப் போனாலும் மாற்றம் 2. ஸ்பினைப் பொறுத்தவரை இரண்டு கிளைகளும் சமம். ஒன்றில் பாரிட்டி மாறுகிறது, மற்றதில் மாறவில்லை. 300 மடங்கு வித்தியாசத்தின் வேர் அந்த ஒரு குறியில் இருக்கிறது. அதுவும், பாரிட்டி மாறுகிற கிளைதான் வேகமானது! "மாற்றம் அதிகமானால் தடையும் அதிகம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே முழிப்பார்கள்.

## தடை எப்படி உண்டாகிறது

அணுக்கருவின் கோண உந்தம் 2 மாறினால், அந்த வித்தியாசத்தை வெளியேறும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும்தான் சுமந்து செல்ல வேண்டும். அவற்றின் கைவசம் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, சொந்த ஸ்பின். ஒவ்வொன்றுக்கும் 1/2. சேர்ந்தால் 0 அல்லது 1. இதற்குச் செலவே கிடையாது. ஆனால் 1க்கு மேல் இதால் முடியாது, பாரிட்டியையும் இது தொடாது.

இரண்டாம் வழி, சுற்றுக் கோண உந்தம்: அணுக்கருவின் மையத்திலிருந்து விலகிய பாதையில் கிளம்புவதால் வருவது. குறி L. இதை 1, 2, 3 என்று எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் செலவு கடுமையானது. காரணம், அணுக்கரு மிகச் சிறியது. சீசியம் அளவுள்ள கருவின் ஆரம் சுமார் 6 ஃபெம்டோமீட்டர். அரை மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானின் அலை அதைவிட எவ்வளவோ நீளம். அந்த அலை கருவுக்குள் ஏறக்குறையத் தட்டையாகத்தான் தெரியும். L = 1 வேண்டுமென்றால் அந்தத் தட்டையில் உள்ள மிகச் சிறு சரிவை நம்ப வேண்டும்; L = 2க்கு அதைவிடச் சிறிய வளைவை.

எவ்வளவு சிறியது? எலக்ட்ரானின் உந்தத்தைக் கரு ஆரத்தால் பெருக்கி, சுருங்கிய பிளாங்க் மாறிலியால் வகுத்தால் 0.027 வருகிறது. சிதைவு வீதம் இதன் வர்க்கத்தைப் பொறுத்தது: ஏறத்தாழ 1400ல் ஒன்று. L ஒரு படி ஏறும் ஒவ்வொரு முறையும் சிதைவு நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான மடங்கு தளர்ந்துபோகும். "தடை" என்பது இவ்வளவுதான். யாரும் கதவைப் பூட்டவில்லை. சிதைவு நடக்கும், அரிதாக நடக்கும்.

L = 0 என்றால் அனுமதிக்கப்பட்ட மாற்றம். L = 1 முதல் தடை, L = 2 இரண்டாம் தடை, இப்படியே போகும். பாரிட்டி எங்கே வருகிறது என்றால், L = 1க்குரிய அந்தச் சரிவு திசைகளைத் திருப்பினால் குறி மாறும்; L = 2க்குரிய வளைவு மாறாது. ஆகவே L ஒற்றைப்படை என்றால் அணுக்கருவின் பாரிட்டி மாறியிருக்க வேண்டும், இரட்டைப்படை என்றால் மாறியிருக்கக் கூடாது.

சீசியத்துக்கு வருவோம். 11/2⁻ கிளைக்கு ஸ்பின் மாற்றம் 2, பாரிட்டி மாற்றம் உண்டு. L = 1 போதும்; மீதி 1ஐ எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோவின் சொந்த ஸ்பின்கள் கொடுத்துவிடும். முதல் தடை. 3/2⁺ கிளைக்கும் ஸ்பின் மாற்றம் 2தான். L = 1, சொந்த ஸ்பின் 1 என்ற அதே கணக்கில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது; L = 1 வந்தால் பாரிட்டி மாறியாக வேண்டும், இங்கே மாறவில்லை. வேறு வழியில்லாமல் L = 2க்குப் போக வேண்டியிருக்கிறது. இரண்டாம் தடை. ஒரு படி கூடுதல் செலவு, அதுதான் அந்த 300. தோராயக் கணக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல் என்று சொன்னது, கிடைத்தது 300. கருவின் மின்னிழுப்பும் உள்ளமைப்பின் விவரங்களும் அந்த இடைவெளியில் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "1957ல் வூ சோதனை பீட்டாச் சிதைவில் பாரிட்டி காக்கப்படுவதில்லை என்று காட்டிவிட்டதே, பிறகெப்படிப் பாரிட்டி விதி?" நல்ல கேள்வி. வூ காட்டியது மொத்தச் சிதைவைப் பற்றியது. வெளிவரும் எலக்ட்ரான்கள் ஒரு திசையைச் சாய்வாக விரும்புகின்றன என்பது. நாம் இங்கே பேசுவது தொடக்க அணுக்கரு, முடிவு அணுக்கரு இரண்டின் பாரிட்டியை மட்டும். அணுக்கருவைக் கட்டி வைத்திருப்பது வலிய விசை, அது பாரிட்டியைக் காக்கிறது. அதனால் ஒவ்வொரு நிலைக்கும் + அல்லது − என்று திட்டமான குறி இருக்கிறது. விதி உயிரோடுதான் இருக்கிறது.

சுருக்கமாக: L ஒவ்வொரு படி ஏறும்போதும் சிதைவு பெரிதும் தளர்கிறது. எத்தனை படி என்பதை ஸ்பின் மாற்றமும் பாரிட்டி மாற்றமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

## எண்ணிலிருந்து ஸ்பினுக்கு

இதுவரை ஸ்பின், பாரிட்டி தெரிந்திருந்தது. Log ft ஏன் அப்படி என்று விளக்கினோம். ஆய்வாளருக்கு உண்மையில் தேவைப்படுவது எதிர்த்திசை. log ftஐ அளக்கலாம். அதிலிருந்து தெரியாத நிலையின் ஸ்பினைப் பிடிக்க வேண்டும்.

பேரியத்தின் 662 நிலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று வையுங்கள். சீசியத்தின் 7/2ம் பேரியம் அடிநிலையின் 3/2ம் அணுவியல் அளவீடுகளில் தனியாகக் கிடைத்தவை. log ft 9.6 வந்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள் பெரும்பாலும் 4 முதல் 7 வரை இருக்கும். முதல் தடை 6 முதல் 9 வரை, அதில் ஸ்பின் மாற்றம் 2 உள்ள வகை 8 முதல் 10 வரை. இரண்டாம் தடை 11ஐ ஒட்டித் தொடங்கும். நான்காம் தடைக்கு உதாரணம் இண்டியம்-115. 22க்கு மேல், அரை ஆயுள் 10¹⁴ ஆண்டுகளைத் தாண்டுகிறது. 9.6ஐ இதில் வைத்தால் முதல் தடை, ஸ்பின் மாற்றம் 2 என்று தோன்றுகிறது.

தோன்றினால் போதாது. இன்னொரு சாட்சி இருக்கிறது: எலக்ட்ரான் ஆற்றல்களின் பரவல் வடிவம். L உடன் சொந்த ஸ்பின் 1ம் முழுதாகச் சேர்ந்து, ஸ்பின் மாற்றம் அந்தத் தடைக்குரிய உச்சத்தைத் தொட்டால், அதைத் தனித்த தடை என்பார்கள். அப்போது கருவின் விவரம் எதுவும் குறுக்கே வராமல் பரவலின் வடிவம் முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். அளந்த எண்ணிக்கைகளை குரி வரைபடம் என்ற முறையில் குறித்தால், அனுமதிக்கப்பட்ட மாற்றம் நேர்கோடாக வரும். (மேரி கியூரி அல்ல, ஃபிரான்ஸ் குரி என்ற அமெரிக்கர்.) தனித்த முதல் தடை வளைந்து வரும், அதற்குரிய திருத்தத்தைப் போட்டதும் நிமிர்ந்துவிடும். 514 கிளை அப்படித்தான் நிமிர்கிறது. ஆக, ஸ்பின் மாற்றம் 2, பாரிட்டி மாற்றம் உண்டு.

7/2⁺லிருந்து 2 தள்ளி, பாரிட்டி மாற்றி வைத்தால் இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன: 3/2⁻, 11/2⁻. எது? log ft இதற்கு மேல் பேசாது. எவ்வளவு மாற்றம் என்று சொல்லும். ஏறியதா இறங்கியதா என்று சொல்லாது.

முடிச்சை அவிழ்ப்பது நாம் தொடங்கிய காமாதான். அந்தக் கிளர்நிலையின் அரை ஆயுள் 2.55 நிமிடம். அது 3/2⁻ ஆக இருந்தால் 3/2⁺ அடிநிலைக்கு மிக எளிய காமா மாற்றத்தில் இறங்கிவிடலாம். ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. இரண்டரை நிமிடம் காத்திருக்கிறது என்றால் காமாவும் கோண உந்தத்தில் பெரிய சுமையைத் தூக்க வேண்டியிருக்கிறது. 11/2லிருந்து 3/2க்கு 4 அலகு. ஆகவே 11/2⁻.

## எங்கே வழுக்கும்

log ft வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். சிறிய எண் நம்பகமானது, பெரிய எண் அப்படியல்ல. தடைபட்ட மாற்றம் ஒரு கட்டத்துக்கு மேல் வேகமாக நடக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட மாற்றமோ வேறு காரணங்களால் எவ்வளவு வேண்டுமானாலும் மந்தமாகலாம். அதனால்தான் அணுக்கருத் தரவுகளைத் தொகுப்பவர்கள் log ft 5.9க்குக் கீழே இருந்தால் "அனுமதிக்கப்பட்டது, ஸ்பின் மாற்றம் 0 அல்லது 1, பாரிட்டி மாறவில்லை" என்று உறுதியாக எழுதுகிறார்கள். 9 வந்தால் தடைபட்டது என்று அதே உறுதியோடு எழுதுவதில்லை.

அதற்குப் பேர்போன உதாரணம் கார்பன்-14. அது 0⁺லிருந்து நைட்ரஜன்-14ன் 1⁺க்குப் போகிறது. ஸ்பின் மாற்றம் 1, பாரிட்டி அப்படியே. விதிப்படி அனுமதிக்கப்பட்டது. log ft மட்டும் 9.0! கருவின் உள்ளே வெவ்வேறு பங்களிப்புகள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுதாக அழித்துக்கொள்வதால் வந்த மந்தம் அது. எண்ணை மட்டும் பார்த்தவர் முதல் தடை என்று எழுதிப் பாரிட்டியைத் தவறாகப் போட்டிருப்பார்.

இன்னொரு வழுக்கல் சோதனைச்சாலையில் நடக்கிறது. நாம் 30.1ஐக் கிளையின் பங்கால் வகுத்தோம். பங்கு தவறானால் ft தவறும். சீசியத்துக்கு இரண்டே முக்கியக் கிளைகள் என்பதால் பிழைத்தோம். ஆற்றல் மிகுந்த, பிறந்த சில நொடிகளில் அழியும் கருக்களில் சிதைவு நூற்றுக்கணக்கான உயர்நிலைகளுக்குச் சிதறும். அங்கிருந்து வரும் காமாக்கள் தனித்தனியே மிக மெல்லியவை. கண்டறிவானில் தெரியாமல் போகும். அவற்றைத் தவறவிட்டால், மேலே போன சிதைவுகளையெல்லாம் தாழ்ந்த நிலைகளின் கணக்கில் எழுதிவிடுவோம். தாழ்ந்த நிலையின் log ft இல்லாத சிறுமை காட்டும், தடைபட்டது அனுமதிக்கப்பட்டதாகத் தெரியும். 1977ல் ஹார்டியும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சுட்டிக்காட்டி, பாண்டமோனியம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது கருவைச் சுற்றிலும் பெரிய படிகங்களால் மூடி, ஒவ்வொரு சிதைவின் காமா ஆற்றலையும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

தரவு அட்டவணைகளைப் புரட்டும்போது சில இடங்களில் ஸ்பின் 11/2⁻ என்று வெறுமனே இருக்கும், சில இடங்களில் (11/2⁻) என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அடைப்புக்குறி இருந்தால், வாதம் வலுவானதல்ல என்று தொகுத்தவரே எச்சரிக்கிறார். 9ஐச் சுற்றிய ஒரே ஒரு log ftஐ நம்பி எழுதிய ஸ்பின் அந்தக் குறிக்குள்தான் உட்கார வேண்டும். பேரியத்தின் 662 நிலைக்கு அது தேவைப்படவில்லை. பரவல் வடிவமும் இரண்டரை நிமிடக் காமாவும் ஒரே பெயரைச் சொன்னதால் அட்டவணையில் அடைப்புக்குறி இல்லாமல் நிற்கிறது.